எல்லவில் மாலை ஐந்தரை, டொரன்டோவில் காலை எட்டு

ஊவாத் தோட்டங்களின் வரலாறு பற்றி எல்லவில் இருந்தபடி மூன்று நாள் இணையவழி மாநாடு ஒன்றை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பேச்சாளர்கள் பல திசைகளில் இருக்கிறார்கள். சிலர் எல்ல, தெமோதரை, பதுளைப் பக்கம். சிலர் நீலகிரியில், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இங்கிருந்து கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள். மற்றவர்கள் கோலாலம்பூர், சிட்னி, லண்டன், டொரன்டோ, சான் பிரான்சிஸ்கோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். கணக்கைச் சரிபார்க்க ஓர் உண்மையான நாட்காட்டி வேண்டும் என்பதால் 2025 ஒக்டோபர் 31 வெள்ளி முதல் நவம்பர் 2 ஞாயிறு வரையான மூன்று நாட்களை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களை ஏன் தேர்ந்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஏற்பாட்டாளரின் கை முதலில் எழுதுவது "காலை 9 முதல் மாலை 5 வரை" என்றுதான். மண்டபத்தில் நடக்கும் மாநாட்டின் பழக்கம் அது. அந்த எட்டு மணி நேரமும் டொரன்டோவில் இரவு 11.30 முதல் காலை 7.30 வரை. அதாவது டொரன்டோ பேச்சாளர் ஒரு முழு இரவை நமக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்று முறை. லண்டன்காரருக்கு அது அதிகாலை 3.30க்குத் தொடங்கும். சான் பிரான்சிஸ்கோவில் இரவு 8.30க்குத் தொடங்கி விடிகாலை 4.30 வரை இழுக்கும். சிட்னிக்கு மட்டும் பிற்பகல் 2.30 முதல் இரவு 10.30 வரை, ஓரளவு பரவாயில்லை. சரி, வேறொரு நேரத்துக்கு நகர்த்தினால் எல்லாருக்கும் பொருந்துமா? ஊர் ஊராக முயன்று பார்க்காமலே, ஒரே ஒரு கணக்கில் இதற்கு விடை சொல்லிவிடலாம்.

இரவு எங்கே விழுகிறது?

24 மணி நேரமும் குறிக்கப்பட்ட ஒரு வட்டக் கடிகாரத்தை வரையுங்கள். ஒரே கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் மணி என்ன என்று அதில் புள்ளி வையுங்கள். எல்லவில் மாலை 5.30 ஆகும் கணம் என்றால் கோலாலம்பூர் 20, சிட்னி 23, சான் பிரான்சிஸ்கோ 5, டொரன்டோ 8, லண்டன் 12. நேரம் ஓட ஓட இந்தப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து சுற்றும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மாறாது.

இப்போது வட்டத்தில் தூங்கும் நேரத்தை நிழலாகத் தீட்டுங்கள். இரவு 10 முதல் காலை 8 வரை யாரையும் பேச அழைப்பதில்லை என்று வைத்தால், நிழல் பத்து மணி நேர அகலம். யாருடைய புள்ளியும் நிழலுக்குள் விழக்கூடாது என்றால், புள்ளிகளுக்கு நடுவே பத்து மணி நேரமாவது ஆளில்லாத ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அமர்வு ஒரு மணி நேரம் நீள்வதானால் இடைவெளி பதினொன்றாக வேண்டும். நம்முடைய ஆறு புள்ளிகளில் மிகப் பெரிய இடைவெளி சிட்னிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உள்ளது. அது வெறும் ஆறு மணி நேரம். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும், எத்தனை முறை வாக்கெடுப்பு நடத்தினாலும் அது கிடைக்கப் போவதில்லை.

அந்த இடைவெளி வேறெங்கும் விழாமல் அங்கே விழுந்ததற்குக் காரணம் பூகோளம். அது பசிபிக் பெருங்கடல். உலகத்தின் மூன்றில் ஒரு பங்குப் பரப்பு அது. வாழும் மக்களோ மிகச் சொற்பம். அதனால்தான் உலகளாவிய கூட்டங்கள் பலவும் இலங்கை நேரம் மாலை ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் வந்து விழுகின்றன. அந்த வேளையில் நடுநிசி பசிபிக்கின் மேல் நிற்கிறது.

சான் பிரான்சிஸ்கோவைத் தற்காலிகமாக விட்டுவிட்டுப் பாருங்கள். சிட்னிக்கும் டொரன்டோவுக்கும் இடையே இடைவெளி ஒன்பது மணி நேரமாகிறது. தூக்கத்தையும் சுருக்கி, இரவு 11 முதல் காலை 7 வரை மட்டும் விலக்கு என்று வைத்தால் நிழல் எட்டு மணி நேரம். மிச்சம் சரியாக ஒரு மணி நேரம்: எல்லவில் மாலை 4.30 முதல் 5.30 வரை. டொரன்டோவில் காலை 7, சிட்னியில் இரவு 10. தொடக்க உரைக்கோ நிறைவுக் கலந்துரையாடலுக்கோ அந்த ஒரு மணி நேரம் போதும். மூன்று நாள் நிகழ்ச்சியை அதற்குள் திணிக்க முடியாது.

விழித்திருப்பவர் விழிப்பாக இருப்பாரா?

"இரவு 11தானே, பேசிவிடுவார்கள்" என்று ஏற்பாட்டாளர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1997இல் டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவில் செய்து நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை–கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. பல நாடுகளில் வண்டி ஓட்டத் தடை தொடங்கும் அளவு அது. காலை 6 மணிக்கு எழுந்த சிட்னி பேச்சாளர் இரவு 11க்குப் பேசத் தொடங்கும்போது அவர் விழித்திருந்தது சரியாக 17 மணி நேரம். எழுதி வைத்ததை வாசித்துவிடுவார். தடுமாற்றம் கேள்வி நேரத்தில்தான் தெரியும்.

அதிகாலை இன்னும் மோசம். உடலின் உள் கடிகாரப்படி உடல் வெப்பமும் விழிப்பும் அடிமட்டத்துக்கு இறங்குவது வழக்கமாகக் கண் விழிப்பதற்கு இரண்டொரு மணி நேரம் முன்பு, பெரும்பாலானோருக்கு 3 முதல் 5 மணிக்குள். அந்த வேளையில் ஒருவரை எழுப்பிப் பேச வைப்பதைவிட, அவரிடம் ஒரு பதிவை வாங்கி ஒளிபரப்புவது நல்லது.

கேட்பவருக்கும் பேசுபவருக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். கேட்பவர் பதிவை நாளைக்குப் பார்க்கலாம். பேசுபவர் ஒரு குறித்த கணத்தில் தெளிவாக இருந்தாக வேண்டும். ஆகவே நிரலைக் கட்டும்போது முதலில் வைக்க வேண்டியது பேச்சாளரின் உள்ளூர் மணி. கேட்பவர்களின் எண்ணிக்கை அடுத்தது. ஏற்பாட்டாளரின் வசதி கடைசி.

எண்ணிக்கையை முன்னால் வைத்தால் என்ன ஆகும்? எல்ல நேரம் இரவு 7.30 என்று மூன்று நாளும் நிலையாக வைத்துப் பாருங்கள். முதல் நாளில் டொரன்டோ காலை 10, லண்டன் பிற்பகல் 2, சான் பிரான்சிஸ்கோ காலை 7, கோலாலம்பூர் இரவு 10. ஆறில் ஐந்து ஊர் எப்படியோ சமாளிக்கும். சராசரி நன்றாகவே இருக்கும். ஆனால் சிட்னியில் அது நள்ளிரவு 1 மணி, மூன்று நாளும். மொத்தச் சிரமத்தைக் குறைக்கும் கணக்கு எப்போதும் ஆள் குறைந்த திசையின் தலையில்தான் சுமையை ஏற்றும். அதனால் பார்க்க வேண்டியது மொத்தத்தை அல்ல. மிக மோசமான நேரம் யாருக்கு விழுந்தது, அது எத்தனை மணி என்பதை. அந்த ஒரு மணியை மேம்படுத்துவதுதான் வேலை.

மூன்று நாள், மூன்று சாளரங்கள்

ஒரே நேரம் கிடையாது என்று ஆனபின் செய்யக்கூடியது, நாளுக்கொரு சாளரமாக மாற்றி வைப்பது. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். திரை முன்னால் அதற்கு மேல் யாரும் ஒழுங்காகக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை: எல்லவில் பிற்பகல் 2 முதல் 5 வரை. சிட்னியில் மாலை 7.30 முதல் 10.30, கோலாலம்பூரில் மாலை 4.30 முதல் 7.30, லண்டனில் காலை 8.30 முதல் 11.30. டொரன்டோவும் சான் பிரான்சிஸ்கோவும் தூங்குகின்றன. அங்கிருந்து யாரும் இன்று பேசுவதில்லை.

சனிக்கிழமை: எல்லவில் மாலை 5.30 முதல் இரவு 8.30 வரை. டொரன்டோவில் காலை 8 முதல் 11, லண்டனில் நண்பகல் 12 முதல் 3, கோலாலம்பூரில் இரவு 8 முதல் 11. இன்று சிட்னிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஓய்வு.

ஞாயிற்றுக்கிழமை: எல்லவில் காலை 6.30 முதல் 9.30 வரை. சிட்னியில் நண்பகல் 12 முதல் 3, கோலாலம்பூரில் காலை 9 முதல் 12. சான் பிரான்சிஸ்கோவில் முதல் நாள், அதாவது சனிக்கிழமை, மாலை 6 முதல் 9. டொரன்டோவில் சனிக்கிழமை இரவு 9 முதல் 12. லண்டனுக்கு ஓய்வு.

சாளரத்துக்குள் யார் முதலில் பேசுவது? யாருடைய ஊரில் மாலையோ இரவோ அவர் முதலில், யாருடைய ஊரில் காலையோ அவர் கடைசியில். மணி ஓட ஓட முன்னவருக்கு நிலைமை மோசமாகிறது, பின்னவருக்கு நன்றாகிறது. வெள்ளியன்று சிட்னி 7.30க்கே பேசட்டும். லண்டன் பத்தரைக்குப் பேசலாம். சனியன்று கோலாலம்பூர் முதலில், டொரன்டோ கடைசியில். ஞாயிறன்று சான் பிரான்சிஸ்கோ முதலில், விரும்பினால் டொரன்டோவும் உடன். எல்லவில் இருப்பவர் தேநீர் குடித்துவிட்டு 9 மணிக்கு வரலாம். இந்த ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே, சாளரத்தை நகர்த்தாமல் ஒருவருக்கு இரண்டு மணி நேரம் வரை மிச்சமாகும்.

இந்த நிரலில் எந்தப் பேச்சாளரும் உள்ளூர் நேரம் காலை 8க்கு முன்போ இரவு 10க்குப் பின்போ பேசவில்லை. விலை இல்லாமல் இது வரவில்லை. லண்டனும் சான் பிரான்சிஸ்கோவும் நேரலையில் சந்திப்பதே இல்லை. ஒருவர் பேச்சை மற்றவர் பதிவில்தான் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய விலையை எல்ல கொடுக்கிறது. எல்லாருக்கும் நடுவே இருப்பதால் மூன்று சாளரத்திலும் விழித்திருக்க முடிகிறது. அதனாலேயே மூன்றிலும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சனி இரவு 8.30க்கு மூடி ஞாயிறு காலை 6.30க்குத் திறந்தால் நடுவே பத்து மணி நேரம்தான். ஒரே குழு இரண்டையும் நடத்தினால் ஞாயிறு காலை பிழை வரும். அமர்வுத் தலைவரையும் தொழில்நுட்ப உதவியாளரையும் மாற்ற வேண்டும்.

பெரிய மாநாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. நியூ ஜெர்சியில் நடக்கவிருந்து 2020 ஓகஸ்டில் இணையத்துக்கு மாறிய ஐசிஎஃப்பி என்ற கணினி மொழி ஆய்வு மாநாடு, அமர்வுகளைப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை நடத்தியது: ஒன்று நியூயோர்க் பகலுக்கு, மற்றொன்று ஆசியப் பகலுக்கு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்பதால் உலகத்தில் எந்த ஊருக்கும் இரண்டில் ஒன்று காலை 9க்கும் இரவு 9க்கும் இடையே கட்டாயம் விழும். ஆனால் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஆயிரம் பேர் வந்தால் தெரியாது. எண்பது பேர் வரும் நம் மாநாட்டில் ஒவ்வோர் அறையிலும் நாற்பது முகம், கேள்வி கேட்க இரண்டு கை.

நிரலைக் கெடுக்கும் மாற்றங்கள்

நாட்காட்டிக்கு வருவோம். 2025இல் பிரித்தானியா கோடை நேரத்தை ஒக்டோபர் 26இல் முடித்துக்கொண்டது. கனடாவும் அமெரிக்காவும் நவம்பர் 2 ஞாயிறு அதிகாலையில்தான் முடித்தன. வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் லண்டன்–டொரன்டோ வித்தியாசம் நடுவே உள்ள அந்த ஒரு வாரம் மட்டும் நான்கு. நம் மாநாடு விழுவது அதற்குள்.

டொரன்டோவின் மாற்றம் மாநாட்டின் மூன்றாம் நாளில் நிகழ்கிறது. நம் ஞாயிறு காலைச் சாளரம் எல்ல நேரம் 9.30க்கு முடிகிறது. டொரன்டோ கடிகாரம் பின்னால் போவது எல்ல நேரம் 11.30க்கு. இரண்டு மணி நேரத்தில் தப்பித்தோம். ஞாயிறு மாலை 5.30க்கும் ஓர் அமர்வு வைத்திருந்தால், டொரன்டோவில் அது காலை 8 அல்ல, 7. சனிக்கிழமையைப் போலவே 8 என்று எழுதி வைத்தவர் எல்ல நேரம் 6.30க்கு வந்து சேர்வார்; அவருடைய உரை முடிந்திருக்க வேண்டிய நேரம் அது. முன்பு சொன்ன ஒரு மணி நேரப் பொதுச் சாளரமும் அன்றோடு மறைகிறது. சிட்னிக்கும் டொரன்டோவுக்கும் இடையிலான இடைவெளி ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைகிறது. இரவே அதை முழுவதும் எடுத்துக்கொள்கிறது.

இலங்கைக்குக் கோடை நேரம் கிடையாது என்று நாம் மெத்தனமாக இருக்கிறோம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. நீர்மின் தேக்கங்கள் வற்றிய 1996இல், மின்சாரத்தை மிச்சப்படுத்த மே 25ஆம் திகதி நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. ஒக்டோபர் 26இல் அரை மணி நேரம் திரும்பியது. மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரல் 15 வரை திரும்பவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்காததால் ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது. அந்தப் பத்தாண்டில் பதுளைக்கும் நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்கும் இடையே கூட நேர வித்தியாசம் இருந்தது. நேரம் என்பது அரசு எடுக்கும் முடிவு, முடிவு மாறக்கூடியது.

ஆகவே நிரலில் "இத்தனை மணி நேரம் முன்னே" என்று எழுதுவதும் எழுத்துச் சுருக்கங்களை நம்புவதும் ஆபத்து. `IST` என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. `EST` என்று எழுதுபவர்களில் பலர் கோடையில் `EDT` என்று எழுத வேண்டியவர்கள். கணினிகள் நேரத்தை ஊர்ப் பெயரால் அறியும்: `Asia/Colombo`, `America/Toronto`, `Australia/Sydney`. இந்தப் பெயர்களோடு அந்த ஊரின் நேர மாற்ற வரலாறும் அறிவிக்கப்பட்ட மாற்றங்களும் சேர்ந்தே வருகின்றன. நாட்காட்டி அழைப்பில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தால் கணக்கை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பேச்சாளரிடம் கேட்க வேண்டியதும் "உங்கள் நேர வலயம் என்ன" என்றல்ல, "அந்த மூன்று நாளும் எந்த ஊரில் இருப்பீர்கள்" என்று. டொரன்டோ பேராசிரியர் அந்த வாரம் சென்னையில் திருமண வீட்டில் இருக்கலாம்.

திகதியும் காலை வாரும். நமக்கு "ஞாயிறு காலை 6.30", சான் பிரான்சிஸ்கோவில் அது சனிக்கிழமை. நேரத்தைச் சரியாக மாற்றிக் கிழமையை மறந்தவர் ஒரு நாள் பிந்தி வருவார். அதனால் ஒவ்வொரு பேச்சாளருக்கும் கிழமை, திகதி, மணி மூன்றையும் அவருடைய ஊர்ப்படி எழுதித் தனியாக ஒரு மடல் போக வேண்டும். பொது நிரலில் எல்ல நேரமும் யூடிசி என்ற உலகப் பொது நேரமும் இருந்தால் போதும்.

வலயம் ஒன்று, மணி வேறு

ஒரே வலயத்தில் இருப்பவர்களுக்கும் ஒரே நாள் கிடையாது. தெமோதரைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் தன் அனுபவத்தைப் பேச வருகிறார் என்றால், காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகே லயத்துக்குத் திரும்புவார். வெள்ளி பிற்பகல் 2 மணி பதுளை ஆசிரியருக்கு நல்ல நேரம். கொழுந்து பறிப்பவருக்கு அது அரை நாள் சம்பள இழப்பு. அவருக்கு உகந்தது சனி மாலையின் கடைசிப் பகுதி அல்லது ஞாயிறு காலை. கோலாலம்பூரிலிருந்து பேசும் முஸ்லிம் ஆய்வாளருக்கு வெள்ளி நண்பகல் தொழுகை நேரம். நம் வெள்ளிச் சாளரம் அங்கே 4.30க்குத் தொடங்குவதால் அது தடையில்லை. ஆனால் மஃரிப் தொழுகை அங்கே ஏறத்தாழ 7 மணிக்கு வரும். அதற்கு முன் அவருடைய உரை முடிய வேண்டும். இவை எந்த மென்பொருளுக்கும் தெரியாது. "எந்த மணிகள் முடியவே முடியாது" என்று கேட்டு வாங்க வேண்டும்.

வானமும் ஒரு மணி வைத்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் இரண்டும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். ஊவாவில் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை என்பது அந்த மாதங்களில் வானிலை அறிக்கையின் வாடிக்கை வாசகம். வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் மேலெழுந்து பிற்பகலில் மேகமாகத் திரள்வதே காரணம். நம் மூன்று சாளரங்களில் இரண்டு அந்த வேளைக்குள் விழுகின்றன. மின்சாரம் போனால் எல்லவில் உள்ள தலைவரோடு கூட்டமே மூடிவிடக்கூடாது. வெள்ளியன்று லண்டனிலும் சனியன்று டொரன்டோவிலும் ஒருவருக்குக் கூட்டத்தை நடத்தும் இணை உரிமையைக் கொடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே பகல். அவர்கள் விழிப்பாக இருப்பார்கள்.

நிரல் முடிந்ததும் ஒரு கடைசிச் சரிபார்ப்பு. எல்ல நேரத்தை மறைத்துவிட்டு, பேச்சாளர் பெயருக்கு எதிரே அவருடைய ஊர் மணியை மட்டும் எழுதி, மோசமான மணியிலிருந்து நல்ல மணி வரை வரிசைப்படுத்துங்கள். முதல் வரியில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து இந்த நேரம் சம்மதமா என்று கேளுங்கள். அவர் சரி என்றால் நிரலை அச்சுக்குக் கொடுக்கலாம். முடியாது என்றால் இரண்டாம் வரியில் இருப்பவரோடு மாற்றிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் அவருடைய உரையைப் பதிவாக வாங்கி, கேள்விகளுக்கு மட்டும் அவர் ஊர்ப் பகலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.